வீடு விற்ற பணத்துக்கு ஒரு தேதி உண்டு

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஊரில் அப்பா கட்டிய வீட்டை விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் இங்கே தன் காலிமனையில் வீடு கட்டத் திட்டமிட்டிருந்தார். மேஸ்திரி கிடைக்கவில்லை, ஐப்பசி மழை வரட்டும் போகட்டும், தை பிறந்ததும் பூஜை போடலாம் என்று நாட்கள் ஓடின. பணம் பத்திரமாக வங்கியில் எஃப்.டி.யில் இருந்தது. ஒரு ரூபாய்கூட வீணாகச் செலவழிக்கவில்லை. வருமான வரிக் கணக்கை மட்டும் தாமதமாக, அக்டோபரில்தான் எடுத்துப் போனார். ஆடிட்டர் கேட்ட முதல் கேள்வி: “சார், ஜூலை 31-க்குள்ள கேபிடல் கெயின் அக்கவுண்ட்ல போட்டீங்களா?”

“எஃப்.டி.யில போட்டிருக்கேனே, அது போதாதா?” என்று இவர் கேட்டிருக்கிறார். போதாது. மூன்று மாதம் முன்னால் அதே வங்கியின் வேறொரு கணக்கில் போட்டிருந்தால் வரியே வந்திருக்காது. கடைசியில் வரியைக் கட்டினார்.

வீடு விற்றால் வரி உண்டு, மறுபடி வீடு வாங்கினால் இல்லை என்பது பலருக்கும் தெரிந்த செய்திதான். எந்தத் தேதிக்குள் என்பதில்தான் சறுக்குகிறார்கள். ஒரு கணக்கை முழுசாகப் போட்டுப் பார்த்தால் விஷயம் பிடிபட்டுவிடும்.

வில்லிவாக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2010 ஜூனில் பத்திரச் செலவெல்லாம் சேர்த்து 30 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 2025 மே 20 அன்று 1 கோடியே 10 லட்சத்துக்கு விற்கிறார். தரகுக்கு 1 லட்சம் போனது. கையில் நின்றது 1 கோடியே 9 லட்சம். அதில் அடக்கவிலை 30 லட்சத்தைக் கழித்தால் 79 லட்சம் ஆதாயம். வீடு 24 மாதத்துக்கு மேல் அவர் கையில் இருந்ததால் இது நீண்டகால மூலதன ஆதாயம். வரி 12.5 சதவீதம், அதாவது 9 லட்சத்து 87 ஆயிரத்து 500 ரூபாய். செஸ், சர்சார்ஜ் எல்லாம் இதன் மேல் தனி.

இந்த 12.5 சதவீதம் 2024 ஜூலை 23 முதல் வந்தது. அதற்கு முன் 20 சதவீதம். ஆனால் விலைவாசி ஏறியதற்கு ஏற்ப அடக்கவிலையையும் ஏற்றிக்கொள்ள விட்டார்கள். இன்டெக்சேஷன் என்பது அதுதான். அதை எடுத்துவிட்டதும் எதிர்ப்பு எழுந்தது. அதனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடு, மனைகளுக்கு மட்டும், உள்நாட்டில் வசிக்கும் தனிநபர்களுக்கும் இந்துக் கூட்டுக் குடும்பங்களுக்கும் ஒரு சலுகை கொடுத்தார்கள்: இரண்டு விதமாகவும் கணக்குப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு இது கிடையாது. நம் ஆசிரியைக்கு 2010-11-ஆம் ஆண்டின் குறியீடு 167, விற்ற ஆண்டின் குறியீடு 376. 30 லட்சத்தை 376-ஆல் பெருக்கி 167-ஆல் வகுத்தால் அடக்கவிலை சுமார் 67 லட்சத்து 54 ஆயிரமாக உயர்கிறது. ஆதாயம் 41 லட்சத்து 46 ஆயிரம், அதில் 20 சதவீதம் சுமார் 8 லட்சத்து 29 ஆயிரம். பழைய முறையே இவருக்கு லாபம். விலை பல மடங்கு ஏறிய வீடுகளில் இது தலைகீழாகும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய வரியை வைத்து நம் வரியைக் கணிக்க முடியாது.

எட்டு லட்சத்தையும் மிச்சப்படுத்த முடியுமா என்றால், முடியும். பிரிவு 54 என்று ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். (2026 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன. பேச்சில் 54 இன்னும் கொஞ்ச காலம் இருக்கும்.) குடியிருக்கும் வீட்டை விற்று வந்த ஆதாயத்தை இந்தியாவில் இன்னொரு குடியிருப்பு வீட்டில் போட்டால், போட்ட அளவுக்கு வரி இல்லை. இங்கே பலர் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். விற்ற தொகை முழுவதையும் போட வேண்டியதில்லை, ஆதாயத்தைப் போட்டால் போதும். ஆசிரியை 79 லட்சத்தைப் போட்டுவிட்டு மீதி 30 லட்சத்தைப் பேத்தி கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். காலிமனையை விற்று வீடு வாங்குகிறவர்களுக்குத்தான் விற்ற தொகை முழுவதையும் போட வேண்டும் என்ற விதி. இரண்டையும் குழப்பிக்கொண்டு, தேவைக்கு மேல் பெரிய வீட்டை வாங்கிக் கையில் காசில்லாமல் நிற்பவர்கள் உண்டு.

போட வேண்டிய தொகை எது, 79-ஆ, 41-ஆ? இன்டெக்சேஷன் சலுகை வரித்தொகையைக் குறைப்பதற்காகக் கொடுத்தது; சட்டப்படி ஆதாயம் என்பது இன்று இன்டெக்சேஷன் இல்லாத கணக்குதான். அதனால் பெரிய எண்ணையே இலக்காக வைத்துக்கொள்வது பிற்பாடு நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதைவிட நல்லது.

இப்போது தேதிகளுக்கு வருவோம். விற்றது 2025 மே 20. தயாராக உள்ள வீட்டை வாங்குவதென்றால் இரண்டு ஆண்டு, 2027 மே 20 வரை. கட்டுவதென்றால் மூன்று ஆண்டு, 2028 மே 20 வரை. விற்பதற்கு ஓராண்டுக்குள் முன்கூட்டியே வாங்கியிருந்தாலும் செல்லும். இவ்வளவு அவகாசம் இருக்கிறதே என்று நிம்மதியாக உட்காரும்போதுதான் நடுவில் வேறொரு தேதி வந்து போகிறது. விற்ற நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாள், அதாவது இவருக்கு 2026 ஜூலை 31. அன்றைக்குள் வீட்டுக்கென்று செலவாகாத ஆதாயம் எவ்வளவோ, அவ்வளவும் ‘மூலதன ஆதாயக் கணக்குத் திட்ட’த்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எங்கள் தெருப் பெரியவர் தவறவிட்டது இந்த நாளைத்தான். தாமதமாகப் போட்டும், போடாமலேயே வீட்டைக் கட்டி முடித்தும் நீதிமன்றத்தில் நிவாரணம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு வக்கீலும் வருடங்களும் வேண்டும்.

இந்தக் கணக்கு 1988-இல் வந்த திட்டம். பொதுத்துறை வங்கிகளில், கிராமக் கிளைகள் நீங்கலாக, தொடங்கலாம். கவுண்ட்டரில் இருப்பவருக்கே தெரியாமல் போகலாம். அதனால் ஜூலை 30 அன்று போய் நிற்காதீர்கள். இதில் இரண்டு வகை. ‘ஏ’ வகை சேமிப்புக் கணக்கு மாதிரி, ‘பி’ வகை டெபாசிட் மாதிரி. கட்டடம் கட்டுகிறவர்களுக்கு ‘ஏ’ தோதானது, வீடு தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு ‘பி’யில் வட்டி கூடுதல். அந்த வட்டிக்கு வரி உண்டு. பணம் எடுக்க ‘படிவம் சி’ எழுதித் தர வேண்டும். எடுத்த பணத்தை 60 நாளுக்குள் வீட்டுக்கே செலவழிக்க வேண்டும். அடுத்த முறை எடுக்கும்போது முன்பு எடுத்ததை எப்படிச் செலவு செய்தோம் என்று ‘படிவம் டி’யில் காட்ட வேண்டும். சிமெண்ட் பில்லையும் மேஸ்திரிக்குக் கொடுத்த ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வீடே வேண்டாம் என்பவர்களுக்குப் பத்திரங்கள் இருக்கின்றன. ஆர்.இ.சி., பி.எஃப்.சி., ஐ.ஆர்.எஃப்.சி. போன்ற அரசு நிறுவனங்கள் இதற்கென்றே வெளியிடும் பாண்டுகள். 50 லட்சம் வரைதான் போடலாம், ஐந்து ஆண்டு கைவைக்க முடியாது, அடகு வைத்துக் கடன் வாங்கினாலும் சலுகை போய்விடும். வட்டி 5.25 சதவீதம், அதற்கும் வரி. வட்டியைப் பார்த்தால் மனம் வராது, மிச்சமாகும் வரியைச் சேர்த்துப் பார்த்தால் மோசமில்லை. ஆனால் இதற்குக் கெடு ஆறே மாதம். ஆசிரியைக்கு 2025 நவம்பர் 20. எல்லாக் கெடுவுக்கும் முந்தியது இதுதான். புது வீடு என்ன விலைக்கு அமையும் என்று தெரிவதற்கு முன்பே எவ்வளவு பாண்டு என்று முடிவு செய்தாக வேண்டும்.

அவர் இப்படிச் செய்வதாகக் கொள்வோம். நவம்பருக்குள் 10 லட்சத்துக்குப் பாண்டு. மறு ஆண்டு ஜூலைக்குள் மீதி 69 லட்சம் மூலதன ஆதாயக் கணக்கில். டிசம்பரில் பத்திரச் செலவோடு 66 லட்சத்துக்கு ஒரு பழைய ஃப்ளாட். கணக்கில் 3 லட்சம் தங்கிவிடுகிறது. அதை நினைத்தபடி எடுக்க முடியாது. மூன்று ஆண்டுக் கெடு முடிந்ததும் அது அந்த ஆண்டின் ஆதாயமாகக் கருதப்பட்டு வரி விதிக்கப்படும். பிறகு வருமான வரி அதிகாரியின் ஒப்புதலோடு ‘படிவம் ஜி’ கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும். 3 லட்சத்துக்கு 12.5 சதவீதம் என்றால் 37,500 ரூபாய். கட்டியிருக்க வேண்டிய எட்டே கால் லட்சத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

புது ஃப்ளாட்டை மூன்று ஆண்டுக்குள் விற்றால் கதை மாறும். விலக்குப் பெற்ற 66 லட்சத்தை அதன் அடக்கவிலையிலிருந்து கழித்துவிடுவார்கள். அடக்கவிலை பூஜ்யமாகி, விற்ற காசு முழுவதும் ஆதாயமாகிவிடும்.

நம் வீடுகளில் சர்வசாதாரணமாக நடக்கும் ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். “எனக்கப்புறம் உனக்குத்தானேடா, உன் பேர்லயே எழுதிடலாம்” என்று அம்மாவின் வீட்டை விற்ற காசில் மகன் பெயரில் கிரயம் முடிப்பார்கள். வரி அம்மாவுடையது, வீடு மகனுடையது என்றால் விலக்கு கேட்கும்போது சிக்கல். நீதிமன்றத் தீர்ப்புகள் இதில் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அம்மா பெயர் பத்திரத்தில் இருக்கட்டும். மகனுக்கு உயில் எழுதி வைக்கலாம்.

கட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளாட்டை வாங்குகிறவர்கள், மனையின் பிரிபடாத பாகத்துக்குப் பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று இரண்டு காகிதம் வைத்திருப்பார்கள். பொதுவாக இதைக் ‘கட்டியது’ என்று எடுத்துக்கொண்டு மூன்றாண்டு தருவார்கள். பில்டர் தருகிற தேதியை நம்பி மூன்றாண்டின் விளிம்பில் போய் நிற்பது நம் பொறுப்பு.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டினால் வரி குறையும் என்று இன்னும் யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வழிகாட்டி மதிப்பு நீங்கள் காட்டிய விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்வார்கள். அதோடு, ரொக்கமாக வாங்கிய காசைப் புது வீட்டுக் கணக்கில் காட்டவும் வழியில்லை.

இத்தனை கணக்குக்கும் அடிப்படை, அன்றைக்கு என்ன விலைக்கு வாங்கினோம், மாடி எடுக்க என்ன செலவானது என்ற காகிதம்தான். அப்பா காலத்து வீடென்றால் அவர் வாங்கிய விலைதான் உங்களுக்கும் அடக்கவிலை. 2001 ஏப்ரலுக்கு முந்தியது என்றால் அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை, அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல், எடுத்துக்கொள்ளலாம். வீட்டை விற்கிற யோசனை இருந்தால், அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் பீரோவின் அடித்தட்டில் இருக்கும் அந்தப் பழைய பத்திரக் கட்டை எடுத்துக்கொண்டு ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.