மூன்றாம் செமஸ்டரில் என்ன ஆச்சு?

வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கும்போது, மதிப்பெண் சரிந்த ஓர் ஆண்டை எப்படி விளக்குவது என்று பலர் திணறுகிறார்கள். டிரான்ஸ்கிரிப்டில் செமஸ்டர்வாரியாக எல்லாம் இருப்பதால் மறைக்க முடியாது. அதனால் சிலர் பக்கம் பக்கமாகத் துயரக் கதை எழுதிவிடுகிறார்கள்.

இ.சி.இ. மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதலாண்டில் 8.4 வாங்கியவர், மூன்றாம் செமஸ்டரில் 5.9க்கு இறங்கிவிட்டார். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸில் அரியர் வேறு. அவர் இப்படி எழுதுகிறார்: “துரதிர்ஷ்டவசமாக என் குடும்பம் பெரும் சோதனைக்கு ஆளானது. கல்லூரியும் ஒத்துழைக்கவில்லை. வினாத்தாளும் அந்த முறை மிகக் கடினம்.”

மூன்று காரணங்கள் சொன்னதால் மூன்றுமே வலுவிழந்துவிட்டன. அதே வினாத்தாளை எழுதி நன்றாகத் தேறியவர்கள் இருந்தார்களே என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். அந்தச் ‘சோதனை’ என்னவென்று கடைசிவரை தெரியவும் இல்லை.

அதையே இப்படி எழுதலாம்: “2022 ஆகஸ்டில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. டிசம்பர் வரை மாலை வேளைகளில் எங்கள் மளிகைக் கடையை நான் பார்த்துக்கொண்டேன். படிக்க நேரம் போதவில்லை. ஆசிரியர்களிடம் சொல்லி உதவி கேட்கவும் இல்லை. ஜனவரியில் சித்தப்பா கடைப் பொறுப்பை ஏற்றார். அரியரை அடுத்த தேர்விலேயே முடித்தேன். அந்தப் பாடத்தின் தொடர்ச்சியான டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங்கில் ஐந்தாம் செமஸ்டரில் ஏ பிளஸ் பெற்றேன்.”

எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிந்தது என்பது இதில் தெளிவாக இருக்கிறது. உதவி கேட்காமல் விட்டதை அவரே ஒப்புக்கொள்வதால் பழி யார்மீதும் விழவில்லை. என்னைக் கேட்டால் கடைசி வாக்கியம்தான் உயிர். விழுந்த பாடத்தின் அடுத்த படியிலேயே தேறிக் காட்டியவரின் அடிப்படையை யார் சந்தேகிப்பார்கள்? ‘இனி கடுமையாக உழைப்பேன்’ என்ற வாக்குறுதிக்கு அந்த பலம் கிடையாது.

எழுதி முடித்ததும் டிரான்ஸ்கிரிப்டைப் பக்கத்தில் வைத்துத் தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நெருக்கடி டிசம்பரில் தீர்ந்ததென்று எழுதிவிட்டு நான்காம் செமஸ்டரிலும் மதிப்பெண் கீழேயே கிடந்தால், அதற்கும் ஒரு வரி சொல்லியாக வேண்டும்.

நோய்தான் காரணம் என்றால் அதன் பெயரைச் சொல்வது கட்டாயமில்லை. சிகிச்சை எப்போது முடிந்தது என்பது போதும். பெரிய காரணம் எதுவுமே இல்லாமல் கல்லூரி விழா வேலைகளில் மூழ்கிப் படிப்பைக் கோட்டைவிட்டவர்களும் உண்டு. அவர்கள் அதை அப்படியே எழுதட்டும், வேறு காரணம் தேட வேண்டாம்.

பல விண்ணப்பங்களில் கூடுதல் தகவலுக்கென்று தனிப் பெட்டி இருக்கும். இந்த ஐந்தாறு வரிகளின் இடம் அதுதான். என்ன படிக்க விரும்புகிறோம் என்று சொல்லும் நோக்க அறிக்கையில் இதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. அந்த மாதங்களில் உங்களை நேரில் பார்த்த பேராசிரியர், தமது பரிந்துரைக் கடிதத்தில் ஒரு வரி குறிப்பிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.