வெளிநாட்டில் மகன், ஹைதராபாதில் கார்: யார் ஓட்டலாம், காப்பீட்டுத் தொகையை யார் கோரலாம்?

ஹைதராபாத்: வேலைக்காக வெளிநாடு செல்வோர் தங்கள் காரைப் பெற்றோரிடம் விட்டுச் செல்வது ஹைதராபாதில் பரவலாகக் காணப்படும் வழக்கம். பதிவுச் சான்றும் காப்பீடும் மகன் பெயரிலேயே இருக்க, காரைத் தந்தையோ சம்பள ஓட்டுநரோ ஓட்டுகிறார். விபத்து நேரிட்டால் காப்பீடு செல்லுமா என்ற ஐயம் அப்போதுதான் எழுகிறது.

யார் ஓட்டலாம்?

இந்தியாவில் காப்பீடு ஓட்டுநரைச் சார்ந்ததன்று, வாகனத்தைச் சார்ந்தது. தனியார் கார்களுக்கான வழக்கமான பாலிசியின்படி, உரிமையாளரின் அனுமதியுடன், அந்த வகை வாகனத்துக்குச் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் எவரும் காரை ஓட்டலாம். தந்தையின் பெயரைப் பாலிசியில் தனியே சேர்க்க வேண்டியதில்லை.

ஆனால் உரிமத்தின் காலாவதி தேதியைப் பார்க்க வேண்டும். 55 வயதைக் கடந்தவர்களுக்கு உரிமம் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே புதுப்பிக்கப்படுகிறது. காலாவதியான உரிமத்துடன் ஓட்டி விபத்து நேர்ந்தால், கார் சேதத்துக்கான கோரிக்கையை நிறுவனம் மறுக்கலாம். விபத்தில் பிறர் பாதிக்கப்பட்டால், நிறுவனம் அவர்களுக்கு இழப்பீட்டைச் செலுத்திவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு நீதிமன்றங்கள் உத்தரவிடுவதுண்டு. அந்தச் சுமை வெளிநாட்டில் இருக்கும் மகன் மீதே விழும்.

யார் கோர வேண்டும்?

கார் சேதத்துக்கான தொகையைக் கோரும் உரிமை பாலிசிதாரருக்கே உண்டு. எடுத்துக்காட்டாக, மகன் அமெரிக்காவில் இருக்க, கூகட்பள்ளியில் வசிக்கும் தந்தை ஓட்டிச் சென்ற கார் சாலைத் தடுப்பில் மோதியதாகக் கொள்வோம். தந்தை சேதத்தைப் படம் எடுத்து, நிறுவனத்துக்கு உடனே தகவல் அளித்து, காரைப் பணிமனையில் சேர்க்கலாம். நிறுவனத்தின் மதிப்பீட்டாளரிடம் தமது உரிமத்தையும் காட்டலாம். ஆனால் கோரிக்கைப் படிவத்தில் மகன்தான் கையொப்பமிட வேண்டும். தமக்குப் பதிலாகத் தந்தை செயல்படலாம் என்ற அங்கீகாரக் கடிதத்தையும் அவர் அளிப்பது நல்லது.

நிறுவனத்துடன் ஒப்பந்தம் உள்ள பணிமனை என்றால், ஏற்கப்பட்ட தொகை நேரடியாக அங்கே செல்லும். இல்லையெனில் மகனின் வங்கிக் கணக்குக்கு வரும். பாலிசியில் பதிவான கைபேசி எண் செயல்படாமல் இருந்தால், ஓடிபி பெற முடியாமல் கோரிக்கை தாமதமாகக்கூடும்.

கார் திருடுபோனாலோ முழுச் சேதமடைந்தாலோ உரிமை மாற்றப் படிவங்களிலும் உரிமையாளர் கையொப்பமிட வேண்டியிருக்கும். இதற்கெனத் தந்தைக்கு அதிகாரப் பத்திரம் அளிக்கலாம். வெளிநாட்டில் எழுதப்படும் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இந்தியாவுக்கு வந்த 3 மாதங்களுக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்த வேண்டும். திருட்டு வழக்குகளில் நிறுவனங்கள் இரு அசல் சாவிகளையும் கேட்பதால், மாற்றுச் சாவியை உடன் கொண்டுசெல்லாமல் வீட்டிலேயே விட்டுச் செல்வது நல்லது.

ஓட்டியவருக்கே காயம் ஏற்பட்டால்?

பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். பாலிசியுடன் வரும் 15 லட்சம் ரூபாய் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு, காரை ஓட்டும் பதிவு உரிமையாளருக்கு உரியது. மகன் பெயரில் உள்ள அந்தக் காப்பீடு தந்தைக்குக் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

மூன்றாம் நபர் என்ற முறையிலும் தந்தை அதே பாலிசியில் இழப்பீடு கோருவது கடினம். இரவல் பெற்ற பைக்கை ஓட்டிச் சென்று உயிரிழந்தவர் தொடர்பான ராஜஸ்தான் வழக்கில், வாகனத்தை இரவல் பெற்றவர் உரிமையாளரின் இடத்தில் இருப்பவராகவே கருதப்படுவார் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. குடும்பத்தினர் கோரிய இழப்பீடு ஏற்கப்படவில்லை. பாலிசி ஒப்பந்தத்தில் உரிமையாளர்-ஓட்டுநருக்குக் குறிப்பிடப்பட்டிருந்த 1 லட்சம் ரூபாய் மட்டுமே அவர்களுக்கு வழங்கப்பட்டது.

எனவே, தந்தையின் பெயரைக் குறிப்பிட்டுத் தனிநபர் விபத்துக் காப்பீட்டைக் கூடுதலாகப் பாலிசியில் சேர்க்கலாம். அல்லது அவர் பெயரில் தனிப் பாலிசி எடுக்கலாம். சம்பள ஓட்டுநர் இருந்தால், அவருக்கான சட்டப் பொறுப்புக் காப்பீடு பாலிசியில் உள்ளதா என்பதைச் சரிபார்க்க வேண்டும்.

மகன் நீண்டகாலம் திரும்பப்போவதில்லை என்றால், காரைத் தந்தையின் பெயருக்கு மாற்றிவிடுவது மற்றொரு வழி. அப்போது பதிவுச் சான்றை மட்டும் மாற்றினால் போதாது. மாற்றம் நடந்த 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் தந்தையின் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய பெயரிலேயே காப்பீடு தொடர்ந்தால், கார் சேதத்துக்கான தொகையைத் தந்தையால் கோர முடியாமல் போகலாம்.