கேபிளைச் செருகியும் வைஃபையில் ஓடும் கணினி

மடிக்கணினியில் லேன் கேபிளைச் செருகியாயிற்று, விளக்கும் மினுங்குகிறது. ஆனாலும் வீடியோ அழைப்பு திக்குகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் ஈதர்நெட் வரைபடம் தரையோடு கிடக்கிறது, வைஃபை வரைபடம்தான் துள்ளுகிறது. இணையத்துக்குப் போக இரண்டு வழி இருக்கும்போது, விண்டோஸ் எதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது?

ஒவ்வோர் அடாப்டருக்கும் விண்டோஸ் தானே ஓர் எண் போட்டுவைக்கிறது. அதன் பெயர் மெட்ரிக். எண் சிறியதாக இருக்கும் வழிக்கே முதலிடம். விண்டோஸ் 10 முதல் கம்பிக்கும் வைஃபைக்கும் தனித்தனி அட்டவணை உண்டு. ஒரு கிகாபிட் ஈதர்நெட்டுக்கு 25, நொடிக்கு 866 மெகாபிட் காட்டும் வைஃபைக்கு 30. ஆகவே வழக்கமாகக் கம்பிதான் வெல்லும். ஆனால் 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்குக் கிடைப்பது 35. பழைய சுவிட்சில் செருகியிருந்தால் அந்த 35, வைஃபையின் 30-க்குத் தோற்றுவிடும். வைஃபை காட்டும் 866 என்பது ரேடியோ இணைப்பின் வேகம். சுவருக்கு அப்பால் உண்மையில் கிடைப்பது அதைவிட மிகக் குறைவு. விண்டோஸ் அதை அளந்து பார்ப்பதில்லை.

யார் வெல்கிறார் என்று பார்க்க:

```
route print -4
```

0.0.0.0 என்று தொடங்கும் இரண்டு வரிகளின் கடைசி எண்களை ஒப்பிடுங்கள். கம்பியின் எண் பெரிதாக இருந்தால், பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திறந்து இதைக் கொடுக்கலாம்:

```
Set-NetIPInterface -InterfaceAlias "Ethernet" -InterfaceMetric 10
```

அடாப்டரின் பெயர் உங்கள் கணினியில் வேறாக இருந்தால் அதையே எழுதவும். மீண்டும் `route print -4` கொடுத்தால் கம்பியின் வரியில் 10 தெரியும். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் பழைய வழியிலேயே நீடிக்கக்கூடும். அழைப்பைத் துண்டித்து மறுபடி இணைவது நல்லது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கேட்வே முகவரியைக் கையால் பதிந்த கணினியில், அந்த வழிக்கென்றே தனியாக 256 சேர்ந்துகொள்ளும். route print காட்டுவது இரண்டின் கூட்டுத்தொகை. கிகாபிட் கம்பியானாலும் 281 என்று நிற்கும். மேற்சொன்ன கட்டளைக்குப் பிறகும் 266-க்குத்தான் இறங்கும். அங்கே ஈதர்நெட்டின் டிசிபி/ஐபி பண்புகளில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், கேட்வேயின் மெட்ரிக்கையும் குறைக்க வேண்டும். அல்லது வைஃபையின் எண்ணை 500 ஆக்கிவிடலாம்.

எண்ணை மாற்றுவதற்கு முன் கேபிளை ஒரு பார்வை பாருங்கள். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும்; நூறு மெகாபிட்டுக்கு நான்கே போதும். அந்த நான்கில் சேராத ஒரு கம்பி முனையில் விட்டுப்போனால் பெரும்பாலும் இணைப்பு அறுந்துவிடாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். 25 ஆக இருந்த எண்ணும் 35 ஆகிவிடும். கிகாபிட் சுவிட்சில் செருகியும் 100 என்று காட்டினால், முதலில் கேபிளை மாற்றுங்கள்.