ஒரே வரி, மூன்று ரேட்

வீடு கட்டுகிறவர் மூன்று காண்டிராக்டர்களிடம் கொட்டேஷன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பி.ஓ.க்யூ. எனப்படும் அளவுப் பட்டியலில் பூச்சு வேலைக்கு ஒரே வரி: ‘உள்சுவர் சிமென்ட் பூச்சு, எல்லாம் சேர்த்து, 100 சதுர மீட்டர்.’ அதிகம் கேட்டவரின் ரேட், குறைவாகக் கேட்டவருடையதைப் போல ஒன்றரை மடங்கு. இதைப் பார்த்ததும் பலர் ஒருவரைப் பேராசைக்காரர் என்றும் மற்றவரை நியாயமானவர் என்றும் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அந்த வரியில்தான் இருக்கும்.

முதல் கோளாறு கனம். 100 சதுர மீட்டருக்கு 12 மி.மீ. கனத்தில் பூசினால் சுவரில் ஏறும் கலவை 1.2 கன மீட்டர். அதுவே 20 மி.மீ. என்றால் 2 கன மீட்டர். முக்கால் அடிச் செங்கல் சுவரில் ஒரு முகம் ஓரளவு மட்டமாக வரும், மறு முகம் கரடாக நிற்கும். அந்தப் பக்கம் 12 மி.மீ. போதாது. இது தெரிந்தவர் கூடுதல் கலவையையும் சேர்த்து விலை போடுவார். மற்றவர் வேலை பாதியில் இருக்கும்போது ‘எக்ஸ்ட்ரா’ கேட்பார்.

அளக்கும் விதம் இன்னும் நுணுக்கமானது. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரத்தில் ஒரு சுவர். இரு பக்கமும் சேர்த்து 24 சதுர மீட்டர். அதில் 1 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரத்தில் ஒரு வாசல். வாசலைக் கழிக்காமல் அளப்பவருக்கு 24, இரு பக்கமும் கழிப்பவருக்கு 19.8. இந்திய அளவீட்டுத் தரமான ஐ.எஸ். 1200 இங்கே நடுவழி சொல்கிறது: அரை சதுர மீட்டருக்கு மேல், 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு, இருபுறமும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும், வாசலின் உள்பக்கவாட்டுப் பூச்சுக்குத் தனிக் கணக்கு கிடையாது. அப்படிப் பார்த்தால் 21.9. எந்த முறை என்று தெரியாத காண்டிராக்டர் தனக்குப் பழக்கமான முறையை மனதில் வைத்தே ரேட் சொல்வார்.

அந்த வரியை இப்படி எழுதலாம்:

‘உள்சுவரில் 1:5 சிமென்ட், பி-சாண்ட் கலவையில் மட்டமான முகத்துக்கு 12 மி.மீ., கரடான முகத்துக்கு 15 மி.மீ. கனம் பூசி, மட்டப்பலகையால் சீராக்கித் தேய்த்து முடித்தல். செங்கல் இணைப்புகளைச் சுரண்டுவது, சாரம், 7 நாள் தண்ணீர் விடுவது ரேட்டில் அடக்கம். கான்கிரீட்டும் செங்கல்லும் சேரும் இடத்தில் சிக்கன் மெஷ் அடிப்பது தனி அயிட்டம், மீட்டர் கணக்கு. அளவு ஐ.எஸ். 1200 பகுதி 12 படி.’

‘எல்லாம் சேர்த்து’ என்ற சொற்கள் இதில் இல்லை. அவைதான் சண்டையின் விதை; சாரம் அதில் அடக்கம் என்று வீட்டுக்காரர் நினைப்பார், இல்லை என்று காண்டிராக்டர் நினைப்பார். சிக்கன் மெஷைத் தனியாகப் பிரித்ததற்கும் காரணம் உண்டு. அதன் நீளம் பூச்சின் பரப்போடு சேர்ந்து கூடிக் குறைவதில்லை, தூண்களையும் உத்தரங்களையும் பொறுத்தது.

இவ்வளவு எழுதியும் சுவர் தூக்குநூலுக்கு விலகி நின்றால் 15 மி.மீ. போதாமல் போகலாம். அந்தக் கூடுதல் கனத்துக்கு, 5 மி.மீ.க்கு இவ்வளவு என்று கொட்டேஷனிலேயே ஒரு ரேட் வாங்கிக்கொள்ளலாம். சுவரைக் கட்டியவரே பூசுகிறார் என்றால் அந்த ரேட் அவருக்குப் பொருந்தாது என்பதையும் எழுதிவிட வேண்டும்.