கிணற்றடி விளக்கு வரை

கார்த்திகை தீபத்தன்று காலையிலேயே செல்பேசியில் வாழ்த்துகள் வந்து குவிய ஆரம்பித்துவிடும். 'இருள் நீங்கி ஒளி பிறக்கட்டும்' என்பதுதான் பலவற்றில் இருக்கும் வரி. தப்பில்லை. ஆனால் இதே வரியைத் தீபாவளிக்கும் அனுப்பலாம், கடைத் திறப்புக்கும் அனுப்பலாம். போன வருடம் எனக்கு வந்த ஒரு கார்த்திகை வாழ்த்தில் படம் முழுக்கச் சங்குசக்கரமும் மத்தாப்பும்!

கார்த்திகைக்கென்று சொந்தமாக இருப்பது விளக்கு வரிசை. திருவண்ணாமலையில் மாலை 6 மணிக்கு மலையுச்சியில் மகா தீபம் ஏற்றிவிட்டார்கள் என்று தொலைக்காட்சியில் பார்த்ததும், பல வீடுகளில் அகல்கள் வாசலுக்கு வரும். வாசற்படி, திண்ணை, துளசி மாடம், கிணற்றடி, மாட்டுத் தொழுவம் என்று வீட்டைச் சுற்றி ஒன்றொன்றாகப் போகும். இந்த நாளுக்கு யாழ்ப்பாணத்தில் விளக்கீடு என்றே பெயர். சம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பதிகத்திலும் கார்த்திகை நாளைச் சொல்லும் இடத்தில் அதே சொல்தான் வருகிறது. வாழ்த்து எழுத இந்த வரிசையே போதும். வேறு உவமை தேட வேண்டாம்.

என் அத்தைக்கு எழுதியதையே சொல்கிறேன். முதலில் எழுதியது இப்படி இருந்தது: 'தங்கள் இல்லத்தில் தீப ஒளி பரவி, வாழ்வில் வளங்கள் பெருகட்டும்.' எழுதிவிட்டு அத்தை என்பதை எடுத்துவிட்டுப் பெரியப்பா என்று போட்டுப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அப்படியென்றால் அது அத்தைக்கு எழுதியது இல்லை. நேரில் 'நீங்க' என்று பேசுகிற அத்தையை எழுத்தில் 'தங்கள்' என்று சொன்னால் கல்யாணப் பத்திரிகை வாடை வேறு அடிக்கிறது.

அத்தை வீட்டைக் கண்ணுக்குள் கொண்டுவந்து மறுபடி எழுதினேன்:

'அத்தை, இந்நேரம் வாசப்படியில் ரெண்டு, திண்ணையில் நாலு, மாடத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டே கிணற்றடி வரைக்கும் போயிருப்பீர்கள். இங்கே பால்கனிக் கம்பியோரம் அஞ்சு விளக்கு வைத்திருக்கிறோம். நீங்கள் ஆரம்பித்த வரிசை இங்கே வந்து முடிகிறது என்று நினைத்துக்கொண்டேன். எல்லா விளக்கும் நின்று எரியட்டும். பொரி உருண்டை எங்களுக்கும் எடுத்து வையுங்கள்.'

இதில் ஒளி என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். ரெண்டு, நாலு, ஒன்று என்று எண்ணிக்கொண்டு போகும்போது படிப்பவர் கண்ணில் வரிசை தானாக எழும்புகிறது. கிணற்றடி என்றதும் அது அத்தை வீடாகிவிடுகிறது. பால்கனி விளக்கை அந்த வரிசையோடு சேர்த்த ஒரு வரிதான் உறவைச் சொல்லும் வரி. அதற்கு மேல் பாசம், பந்தம் என்று எழுதினால் கனத்துவிடும். நட்சத்திரம், முழுநிலா என்று அடுக்க எனக்கும் கை துறுதுறுத்தது. சேர்த்துப் பார்த்தேன், அகல்கள் மங்கிப்போயின, எடுத்துவிட்டேன்.

'நின்று எரியட்டும்' என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. 'அணையாமல் எரியட்டும்' என்றுதான் முதலில் வந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் விளக்கை அணைத்தேன் என்று சொல்ல மாட்டார்கள். குளிர வைத்தேன், அமர்த்தினேன் என்பார்கள், மலையேறிவிட்டது என்பார்கள். 'அணையா விளக்கு' என்றால் தலைவர்களின் நினைவிடம்தான் சிலருக்கு ஞாபகம் வரும். எதிர்மறையாகச் சொன்னாலும் அந்தச் சொல் நல்ல நாளில் காதில் உறுத்தும்.

ஒரு வருடத்துக்குள் துக்கம் நடந்த வீடாக இருந்தால் வாழ்த்து என்ற சொல்லே வேண்டாம். பல குடும்பங்களில் அந்த வருடம் பண்டிகை கிடையாது. 'இன்றைக்கு விளக்கு வைக்கும்போது உங்களை நினைத்துக்கொண்டோம், சித்தி' என்று ஒரு வரி எழுதினால் போதும். படமும் வேண்டாம், பட்டாசுப் பொம்மையும் வேண்டாம்.

இன்னொன்று, எப்போது அனுப்புவது. அத்தைக்கான வாழ்த்தை ஆறு மணிக்கே அனுப்பிவிட்டேன். அந்த நேரத்தில் அகலில் எண்ணெய் விட்டு, திரியைத் தூண்டி, காற்றுக்குக் கை மறைத்துக்கொண்டிருப்பார்கள், விரலெல்லாம் நல்லெண்ணெய். மறுநாள் காலையில்தான் அத்தை அதைப் பார்த்திருக்கிறார். நீங்கள் ஏழரை மணிக்கு மேல் அனுப்புங்கள். விளக்கு எரிந்துகொண்டிருக்கும், அவர்களும் திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.