டாலர் விழுந்தாலும் நஷ்டமில்லை... ‘ஜீரோ காஸ்ட் காலர்’ தெரியுமா?

மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் ஓர் ஏற்றுமதியாளர். 1 லட்சம் டாலருக்கு ஆர்டர் பிடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறி, பணம் கைக்கு வர 3 மாதம் ஆகும். இன்று டாலர் 85 ரூபாய். அன்றைக்கு எவ்வளவோ, யார் கண்டது?

வங்கியில் ‘ஃபார்வர்டு’ போட்டால், 85.45 ரூபாய் என்று இப்போதே விலை பேசி முடித்துவிடலாம். ஆனால் டாலர் 88-க்குப் போனாலும் அவருக்கு அதே 85.45-தான். ‘கொஞ்சம் ஏற்றமும் வேணும், இறக்கத்துல அடியும் படக் கூடாது’ என்பவர்களுக்குத்தான் காலர்.

இதில் இரண்டு பேரங்கள் ஒன்றாக நடக்கின்றன. டாலர் எவ்வளவு விழுந்தாலும் 84.75-க்கு வங்கியிடம் விற்கும் உரிமையை அவர் வாங்குகிறார். அதற்குப் பிரீமியம் கட்ட வேண்டும். பதிலுக்கு, டாலர் 86.25-ஐத் தாண்டினால் அந்த விலைக்கே வாங்கிக்கொள்ளும் உரிமையை வங்கிக்கு விற்கிறார். வர வேண்டியதும் தர வேண்டியதும் நேராகிவிடுவதால் ‘ஜீரோ’. (இந்த விலைகள் உதாரணத்துக்குத்தான். தினமும் மாறும்.)

டாலர் 83-க்கு விழுந்தால் அவருக்கு 84.75 கிடைக்கும், 1,75,000 ரூபாய் தப்பித்தது. 85.60-ல் நின்றால் சந்தை விலையே கிடைக்கும். 88-க்கு ஏறினால் 86.25-தான், 1,75,000 ரூபாய் லாபம் கைநழுவும். ஆக, கட்டணம் இல்லாமல் இல்லை. அது ஏற்றத்தின் உச்சியில் ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்துவிட்டார், டாலரோ 88-ல் நிற்கிறது. கையில் டாலர் வராவிட்டாலும் வங்கிக்குக் கொடுத்த வாக்கு அப்படியே நிற்கும். அந்த 1,75,000 இப்போது கைநழுவிய லாபமல்ல, சொந்தப் பணம். அதனால்தான் விவரமானவர்கள், உறுதியாக வரும் என்று தெரிந்த தொகைக்கு மட்டும் காலர் போடுகிறார்கள்.

2007-ல் ரூபாய் வேகமாக வலுப்பெற்று, டாலர் 44-லிருந்து 39 ரூபாய்க்கு இறங்கியபோது, தமிழக ஏற்றுமதியாளர்கள் பலர் காலரைவிடச் சிக்கலான ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டார்கள். சில ஒப்பந்தங்கள் ரூபாயைப் பற்றியே இல்லை. டாலருக்கும் சுவிஸ் ஃபிராங்குக்குமான விலையைப் பற்றியவை. அப்படி ஒரு வழக்கில், கோவை ராஜ்ஸ்ரீ சுகர்ஸ் நிறுவனம் ஆக்ஸிஸ் வங்கிக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் போனது. ‘இது சூதாட்டம், செல்லாது’ என்ற வாதத்தை 2008-ல் நீதிமன்றம் ஏற்கவில்லை.

எனவே, கையெழுத்துக்கு முன் இரண்டு பேரங்களின் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் வங்கியிடம் வாங்கும் உரிமை 1 லட்சம் டாலருக்கும், வங்கிக்கு நீங்கள் விற்கும் உரிமை 2 லட்சம் டாலருக்கும் இருந்தால் அது சாதாரண காலர் இல்லை. டாலர் ஏறும்போது, இல்லாத ஒரு லட்சம் டாலரை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்?