ஒரு சிட்டிகை பொட்டாஷ்

மண் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு மண் வள அட்டைக்காகக் காத்திருக்கும் விவசாயிக்குச் சில சமயம் அட்டைக்குப் பதில் ஒரு கடிதம் வரும். ஒரு செம்மண் கொல்லையில் இறவைக் கடலை போடுகிறவருக்கு இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்:

"ஐயா, வணக்கம். தாங்கள் கொடுத்த மண் மாதிரியில் சாம்பல் சத்து எக்டேருக்கு 812 கிலோ என்று வந்துள்ளது. மாதிரி இருந்த பையின் உட்பக்கத் தையலில் பொட்டாஷ் உரத் துகள்கள் காணப்பட்டன. எனவே இந்த அளவு தங்கள் நிலத்துடையது அல்ல என்று கருதி, உரப் பரிந்துரையை நிறுத்தி வைத்துள்ளோம். புதிதாக மண் எடுத்து அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்."

படித்ததும் கோபம் வருவது இயல்புதான். சத்து கூடுதலாக இருந்தால் நல்லதுதானே, அதற்கு ஏன் திருப்பி அனுப்ப வேண்டும்?

பரிசோதனை நிலையத்துக்குச் சந்தேகம் வந்த வழியைப் பார்த்தால் விஷயம் விளங்கும். அதே கொல்லைக்கு முன்பு கொடுத்த அட்டையில் சாம்பல் சத்து 140 கிலோ. தமிழ்நாட்டுக் கணக்கில் 118 முதல் 280 வரை நடுத்தரம். அது சில வருடத்தில் ஆறு மடங்காக ஏறாது. கூடவே மண்ணின் உப்பு நிலையும் 0.2இலிருந்து 0.65க்கு உயர்ந்திருக்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் பழையபடியே இருக்கின்றன. கார அமில நிலையும் அசையவில்லை. அடுப்புச் சாம்பல் கலந்திருந்தால் அந்தக் கார நிலை ஏறியிருக்கும். டிஏபி கலந்திருந்தால் தழையும் மணியும் ஏறியிருக்கும். சாம்பல் சத்தும் உப்பும் மட்டும் கைகோத்து ஏறினால், அது பொட்டாஷ் உரத்தின் அடையாளம்.

எவ்வளவு கலந்திருக்கும்? மாதிரி அரைக் கிலோ. ஒரு எக்டேரின் மேல்மண் சுமார் 22 லட்சத்து 40 ஆயிரம் கிலோ என்று வைத்துத்தான் அட்டையில் கணக்குப் போடுகிறார்கள். ஆகவே கிலோ மண்ணில் ஒரு மில்லிகிராம் கூடினால், அட்டையில் எக்டேருக்கு 2.24 கிலோ கூடும். இங்கே கூடியது 672 கிலோ. அதாவது கிலோ மண்ணுக்கு 300 மில்லிகிராம், அரைக் கிலோ மாதிரிக்கு 150 மில்லிகிராம். பொட்டாஷ் உரத்தில் பாதி எடை பொட்டாசியம். ஆகவே விழுந்த உரம் 0.3 கிராம். ஒரு சிட்டிகைகூட இல்லை! காலி உரச் சாக்கை உதறினாலும் தையலில் அவ்வளவு நிற்கும்.

"அதே மண்ணை இன்னொரு தடவை பாருங்க சார்" என்று கேட்பவர்கள் உண்டு. பார்த்தாலும் பயனில்லை. மாதிரியை நன்றாகக் கலந்துதான் அதிலிருந்து சில கிராம் எடுத்துச் சோதிக்கிறார்கள். உரமும் அதோடு கலந்துவிட்ட பிறகு, இரண்டாம் முறையும் 812க்கு அருகில்தான் வரும். இரண்டு முறை ஒரே எண் வந்தால் கருவி சரி என்று சொல்லலாம், பைக்குள் இருப்பது வயலின் மண்தான் என்று சொல்ல முடியாது. அந்த 672ஐக் கழித்துவிட்டு அட்டை தரலாமே என்றால், பழைய 140 இப்போதும் 140தானா என்பது யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே மண்ணே கொடுத்தார்!

கடிதத்தின் மறுபக்கத்தில் மண் எடுக்கும் முறை இருக்கும். பலர் அதைப் படிப்பதில்லை. உரமிட்டு மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வரப்போரம், எருக்குழி, மரநிழல், கிணற்றடி ஆகாது. மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணை வெளியே தள்ளி, குழியின் பக்கச் சுவரை மேலிருந்து கீழ்வரை ஒரு அங்குலக் கனத்துக்குச் சீவி எடுக்க வேண்டும். கொல்லைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் இப்படி எடுத்து, சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் கொட்டிக் கலக்க வேண்டும். (தகர வாளியின் பூச்சு துத்தநாகம். நுண்சத்துப் பரிசோதனைக்கு அதுவே ஒரு கலப்படம்.)

கலந்ததைப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர் பங்குகள் இரண்டைத் தள்ளிவிட்டு, மீதியை மறுபடி கலந்து பிரித்துக்கொண்டே போனால் அரைக் கிலோ மிஞ்சும். ஈரமிருந்தால் நிழலில் உலர்த்த வேண்டும். உலர்த்தும் இடம் உர மூட்டை அடுக்கிய திண்ணையாக இருந்தால், பழைய கதைதான். போடும் பை புதுத் துணிப்பையாக இருக்கட்டும்.

இறவைக் கடலைக்குப் பொதுப் பரிந்துரை எக்டேருக்கு 75 கிலோ சாம்பல் சத்து. ஏக்கருக்குக் கணக்கிட்டால் 50 கிலோ பொட்டாஷ், சரியாக ஒரு மூட்டை. 812 என்ற எண்ணோடு அட்டை போயிருந்தால், அந்த மூட்டையைக் குறைக்கவோ நிறுத்தவோ சொல்லியிருக்கும். நடுத்தரச் சத்துள்ள கொல்லையில் கடலை அதை நம்பிக் காய் பிடிக்க வேண்டியிருந்திருக்கும்.